சிலிந்துவின் துவக்கு

பாலையூற்றிலிருந்து அம்மையார் ஒருவர் இப்பகுதிக்கு எழுதிய கடிதம் சில நாட்களாக என் மேசைமேற் கிடக்கிறது. அவர் ஒரு நாவலைப் படித்திருக்கிறார். அதில் இரண்டு கொலைகளைச் செய்த ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்படும் இடத்தில் தம்மையறியாமலே கண் கலங்கியதாகவும், பின்பு தம்மீதே தமக்குச் சினம் மூண்டதாகவும் குறிப்பிடுகிறார். “கொலை செய்தவனுக்காக இரங்குவது கொலையை ஒப்புக்கொள்வதாகாதா? ஆசிரியர் நயமாகப் பேசி என்னைத் தம் பக்கம் இழுத்துவிட்டாரா?” என்பது அவருடைய கேள்வி.

நல்ல கேள்வி. இதற்குப் பொதுவாக மறுமொழி கூறுவது எளிது, ஆயினும் பயனில்லை. அவர் படித்த அதே நூலை எடுத்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் எந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

அந்நூல் லெனார்ட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1913 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘காட்டினுள் ஒரு கிராமம்’ என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். சிங்கள மக்கள் அதனைப் ‘பெத்தேகம’ என்றே அறிவர். கதை நிகழும் கற்பனைக் கிராமத்தின் பெயரும் அதுவே. வூல்ஃப் 1904 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைச் சிவில் சேவைக்கு வந்தவர். முதலில் யாழ்ப்பாணத்திலும், பின்னர் கண்டியிலும் பணியாற்றி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். அந்நாளில் அப்பதவியில் இருந்தவர் வரி வாங்குவார். சேனைக்கு அனுமதி கொடுப்பார். நீதவானாக அமர்ந்து வழக்கும் கேட்பார். ஆகவே, இந்தக் கதையில் தண்டனை விதிக்கும் வெள்ளைக்காரரின் நாற்காலியில் நூலாசிரியர் தாமே உட்கார்ந்திருந்தவர். இதனை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னர் வேண்டியிருக்கும்.

திருகோணமலைக்கும் நாவலுக்கும் உள்ள உறவு பழையது. 1891 ஆம் ஆண்டில் இவ்வூர் இன்னாசித்தம்பி என்பார் வெளியிட்ட ‘ஊசோன் பாலந்தை கதை’ ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஐரோப்பியப் பழங்கதை ஒன்றின் வழிவந்த அந்தக் கதையிலும் காட்டு மனிதன் ஒருவன் உண்டு. இரட்டையரில் ஒருவன் அரசவையில் வளர, மற்றவன் கரடியிடம் வளர்கிறான். அத்தகைய பழங்கதைகளில் நல்லவர் நல்லவராகவும் கெட்டவர் கெட்டவராகவும் இருப்பர்; யாருக்கு இரங்குவது என்பதில் படிப்பவருக்குத் தயக்கமே எழாது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வூல்ஃப் படைத்த காட்டு மனிதனோ வேறு வகையினன். அவனுக்கு இரங்குவதற்கு முன் நாம் அவனை வெறுத்தாக வேண்டும்.

சிலிந்து என்பது அவன் பெயர். வேட்டைக்காரன், சோம்பேறி, ஊராரோடு ஒட்டாதவன். சற்றுப் பைத்தியம் என்று ஊரார் அவனுக்குப் பட்டப்பெயரும் வைத்திருக்கின்றனர். கதையின் தொடக்கத்திலேயே அவனுடைய மனைவி டிங்கிஹாமி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெறுகிறாள். ஆண் பிள்ளை பிறக்கவில்லை என்ற ஆத்திரத்தில் அவன், பிள்ளை பெற்றுப் பாயிற் கிடக்கும் அவளை அடிக்கிறான். இரண்டு நாளில் அவள் இறந்துபோகிறாள்.

இதனை ஆசிரியர் எப்படிச் சொல்லுகிறார் என்பதே கவனிக்கத்தக்கது. அழுகையில்லை; ஆவேசமில்லை. அவன் மழைக்குப் பயந்தான், வறுமையால் மனம் குலைந்திருந்தான் என்று எந்தச் சாக்கும் சொல்லப்படவில்லை. ‘பாவி’ என்று ஏசவும் இல்லை. அடித்தான், அவள் இறந்தாள் என்ற அளவில் செய்தியாகச் சொல்லிவிட்டு ஆசிரியர் அப்பாற் செல்கிறார். இன்னும் நமக்கு அவனைப்பற்றி ஒன்றும் தெரியாது; அவனோடு பழக்கமில்லை; அவனிடம் அன்பு கொள்ளக் காரணமும் இல்லை. அந்த நிலையில் இக்குற்றம் முழுக் கனத்தோடும் நம் கையில் வைக்கப்படுகிறது.

இந்த வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் சிலிந்து தன் பெண்களிடம் காட்டும் பாசத்தைச் சொல்லி, ஊரார் அவனுக்கு இழைக்கும் கொடுமைகளைச் சொல்லி, நம் மனத்தை நன்றாக இளக்கிய பின்னர், ‘முன்னொரு நாளில் மனைவியை அடித்ததும் உண்டு’ என்று போகிற போக்கிற் சொல்லியிருக்கலாம். அப்போது நாமே அவனுக்காக வழக்குரைக்கத் தொடங்கியிருப்போம். உலகம் அவனை எப்படி ஆக்கிவிட்டது பாருங்கள் என்று பெருமூச்சு விட்டிருப்போம். டிங்கிஹாமியின் சாவு அவனுடைய துயரக் கதையில் ஒரு கிளைக்கதையாகச் சுருங்கிப்போயிருக்கும். குற்றத்தைப் பின்னே ஒளித்துவைத்து இரக்கத்தை முன்னே விற்பது மலிவான கதைகளின் வழக்கம். வூல்ஃப் அதைச் செய்யவில்லை. பின்னால் வரும் இரக்கம் அத்தனையும் அந்த முதற் குற்றத்தைத் தாண்டி வரவேண்டியிருக்கிறது.

எப்படி வருகிறது? மெல்ல வருகிறது. சிலிந்துவின் சகோதரி கார்லினாஹாமி குழந்தைகளை வளர்க்கிறாள். அவன் அவர்களை நெடுநாள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவர்கள் நடக்கவும் பேசவும் தொடங்கிய பிறகுதான் அவன் கண்ணிற் படுகின்றனர். பட்ட பின் அவர்களைப் பிரியாதவனாகிறான். மடியில் இருத்திக் காட்டின் கதைகளைச் சொல்லுகிறான். காட்டுக்குள் அழைத்துச் செல்கிறான். காடு அவனுக்கு இன்பச் சோலையன்று. சிறுத்தையும் யானையும் பேயும் பசியும் தாகமும் அச்சமும் நிறைந்த கொடிய இடமாகவே அவன் அதனை அறிவான்; அறிந்தும் அதைவிட்டு இருக்கமாட்டான். ஒவ்வொரு விலங்கும் மற்றொன்றுக்கு அஞ்சியே வாழ்கிறது என்பதுதான் அவன் கற்ற ஒரே கல்வி.

இந்த இடத்தில் ஆசிரியர் சிலிந்துவின் நற்குணங்களை அடுக்குவதில்லை என்பதைக் காணவேண்டும். அவன் திருந்திவிட்டான் என்றோ, மனைவியை எண்ணி வருந்தினான் என்றோ ஓர் இடத்திலும் நம்மை ஆறுதற்படுத்துவதில்லை. அவன் கண்ணால் காட்டைப் பார்க்கச் செய்கிறார், அவ்வளவுதான். ஒருவனுடைய அச்சம் எத்தகையது என்று உள்ளிருந்து அறிந்தபின் அவனை அந்நியனாக எண்ணுதல் இயலாது. ஆனால், அறிதல் வேறு, மெச்சுதல் வேறு. இந்த வேறுபாட்டின்மேல்தான் நூல் முழுவதும் நிற்கிறது.

இனி வலை பின்னப்படும் விதத்தைப் பார்ப்போம். ஊர்த்தலைவனான ஆராச்சி பபேஹாமி. அவனுடைய மைத்துனன் பாபுன், சிலிந்துவின் மூத்த மகள் புஞ்சி மெனிக்காவை விரும்பி அவளோடு வாழச் செல்கிறான். சிலிந்துவின் குடும்பத்தாரை வேடர் என்று இழிவாக எண்ணும் ஆராச்சிக்கு இது பெரும் அவமானம். அவன் வாளெடுத்துக்கொண்டு வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. அக்காலத்தில் அவ்வூரில் வயல் இல்லை, குளம் தூர்ந்துவிட்டது. காட்டை வெட்டி எரித்து, பருவ மழைக்கு விதைத்து, குரக்கன் கொய்யும் சேனைப் பயிரே பிழைப்பு. காடோ அரசாங்கத்துக்கு உரியது. அனுமதி இல்லாமல் வெட்டினால் குற்றம். அந்த அனுமதிக்கு வழி ஆராச்சியின் கையில். அவன் ஒருவனுக்கு அனுமதி தாமதமாகும்படி பார்த்துக்கொண்டால் போதும், மழை தாமதிக்காது. விதைப்புப் பிழைத்தால் ஓராண்டு பட்டினி, பட்டினியானால் கடன், கடன்பட்டால் அறுவடைக் களத்திலேயே வட்டியோடு கூட்டி அள்ளிக்கொண்டு போக முதலாளி காத்திருப்பான். வரியும் அப்படியே. உரிமமில்லாத துவக்கும் அப்படியே. இதுவரை கண்டும் காணாமல் விட்டவற்றை இனிக் காண்பது என்று ஆராச்சி தீர்மானித்தால், அதுவே கொலைக்குச் சமம்.

பபேஹாமியை ஆசிரியர் அரக்கனாக எழுதவில்லை என்பது இந்நூலின் சிறப்புகளுள் ஒன்று. அவன் சிறிய மனிதன்; சிறிய அதிகாரம் பெற்றவன்; சிறிய அவமானத்தை மறக்கமாட்டாதவன். தானும் கடனுக்கு அஞ்சுபவன், மேலதிகாரிகளுக்கு அஞ்சுபவன். இத்தகைய விதானைமாரை நம் தாத்தாமார் ஒவ்வொரு ஊரிலும் கண்டிருப்பர். (சிலர் வீட்டில் அந்த விதானைமாரே தாத்தாமாராகவும் இருந்திருப்பர். அது வேறு கதை.)

இதற்கிடையில் இளைய மகள் ஹின்னிஹாமி பட்ட துன்பமும் அவள் இறந்ததும் தனியே ஒரு கட்டுரைக்கு உரியவை; அதற்குள் இப்போது செல்லவில்லை. பின்னர் பட்டணத்திலிருந்து கடன்கார முதலாளி பெர்னாண்டோ கடன் தண்டும்பொருட்டு ஊருக்கு வந்து தங்குகிறான். அவன் கண் புஞ்சி மெனிக்காமீது விழுகிறது. அவள் இணங்கவில்லை. ஆராச்சியும் முதலாளியும் கூடி ஒரு களவு வழக்கை உண்டாக்குகின்றனர். ஆராச்சியின் வீடு உடைக்கப்பட்டதாகவும், களவுபோன பொருள்கள் சிலிந்து, பாபுன் ஆகியோரிடம் அகப்பட்டதாகவும் சாட்சியம் சோடிக்கப்படுகிறது. வழக்கு, ஆங்கிலம் பேசும் நீதவான் முன்னிலையில் மொழிபெயர்ப்பாளர் வாயிலாக நடக்கிறது. சிலிந்துவுக்கு அங்கே நடப்பது எதுவும் விளங்கவில்லை. நீதவான் முட்டாளல்லர், கொடியவருமல்லர். இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்ற ஐயம் அவருக்கு எழாமலில்லை. ஆயினும் சாட்சியம் சாட்சியமே. சிலிந்து விடுதலையாகிறான், பாபுனுக்கு ஆறு மாதக் கடூழியச் சிறை. குற்றமற்றவன் சிறைக்குப் போகிறான்.

ஆசிரியர் முன்னர் தாம் அமர்ந்திருந்த நாற்காலியில் ஒரு நல்ல மனிதரை இருத்தி, அவர் வாயாலேயே அநியாயத் தீர்ப்பைச் சொல்லவைக்கிறார். தம்மையும் தப்பவிடாத எழுத்தாளரிடம் நாம் நம்பிக்கை கொள்ளலாம்.

இப்போது கொலைக்கு வருவோம். பாபுன் சிறையிலிருக்க, பெர்னாண்டோவின் நெருக்குதல் தொடர்கிறது. தன்னை வேட்டையாடுபவர் இருவர் என்பது அப்போதுதான் சிலிந்துவின் மந்தமான மனத்திற்கு முழுதும் புலனாகிறது. வேட்டையாடப்படும் விலங்கு ஒரு கட்டத்தில் திரும்பி நிற்கும் என்பது அவன் காட்டில் அறிந்த உண்மை. திரும்பிவிடுவது என்று அவன் முடிவு செய்கிறான்.

மலிவான நாவலாசிரியனாக இருந்தால் இங்கே என்ன செய்திருப்பான்? பெர்னாண்டோ புஞ்சி மெனிக்காவின் கையைப் பிடித்து இழுக்கும் தருணத்தில் சிலிந்துவை உள்ளே நுழையவைத்திருப்பான். துவக்கு வெடித்திருக்கும். நாமும் கைதட்டியிருப்போம். அது கொலையாகத் தோன்றாது, காப்பாகவே தோன்றும். ஆத்திரத்தில் அறிவிழந்து செய்தான் என்ற விலக்கும் எளிதாகக் கிடைத்திருக்கும்.

வூல்ஃப் அந்த வாசலை வேண்டுமென்றே அடைத்துவிடுகிறார். சிலிந்து சூது செய்கிறான். பணிந்துவிட்டவன்போல் நடித்து, ஆராச்சியைத் தன்னோடு காட்டுப்பாதையில் வரச்செய்கிறான். ஆராச்சி முன்னே நடக்கிறான். துவக்கோடு சிலிந்து பின்னே நடக்கிறான். நடந்துகொண்டே வேட்டையைப் பற்றியும், துரத்தப்பட்டுத் திரும்பிய விலங்கைப் பற்றியும் பேசுகிறான். அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க ஆராச்சிக்கு உள்ளம் நடுங்கத் தொடங்குகிறது. இத்தனை பக்கங்களாக நாம் வெறுத்துவந்த அந்த மனிதனின் அச்சத்தை, அவன் முதுகுக்குப் பின்னாலிருக்கும் துவக்கின் உணர்வை, ஆசிரியர் நமக்குக் காட்டுகிறார். இத்தனை நாளும் அஞ்சியவன் சிலிந்து. அந்தப் பாதையில் அஞ்சுபவன் பபேஹாமி. இருவர் அச்சமும் ஒரே இனத்தது. சுடப்படும்போது அவன் ஆராச்சியாக இல்லை. அஞ்சும் உயிராகவே இருக்கிறான்.

அம்மையார் தம்மைத்தாமே கடிந்துகொள்வதற்கு முன்னர் இப்பக்கங்களை மீண்டும் படிக்கவேண்டும். குற்றவாளிக்கு விலக்கு அளிக்கும் கதையில் கொல்லப்படுபவனுக்கு முகம் இராது. அவன் வெறும் இலக்காகவே வந்து விழுவான். இங்கே கொல்லப்படுபவனின் மூச்சு நம் காதில் விழுகிறது.

அடுத்தது இன்னும் கடினமானது. சிலிந்துவின் துவக்கு அக்காலத்து வாய்வழி நிரப்பும் பழைய துவக்கு. ஒரு வெடி தீர்ந்தால் மீண்டும் மருந்திட்டு, ரவையிட்டு, கோலால் இடித்து ஆயத்தஞ் செய்யவேண்டும். சினத்தின் வேகத்தில் முடிகிற வேலையன்று அது. கை நடுங்காமல் இருக்கவேண்டும். ஆராச்சியைச் சுட்டுவிட்டுச் சிலிந்து ஊருக்குத் திரும்பி வந்து, ஒன்றுமறியாமல் இருக்கும் பெர்னாண்டோவையும் சுட்டுக் கொல்கிறான். இரண்டு வெடிகளுக்கும் இடையிலுள்ள அந்த நேரமே நூலாசிரியர் அவன்மேல் சுமத்தும் குற்றச்சாட்டு. அவன் நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

பின்பு அவன் காட்டிற்குள் ஓடி ஒளியவில்லை. காட்டை அவனைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. ஆயினும் றட்டே மகாத்மயாவின் வளவை நோக்கி நடந்து சென்று தானே சரணடைகிறான். செய்ததை ஒளிக்காமற் சொல்லுகிறான். நீதவான் முன்னிலையிலும் அப்படியே சொல்லுகிறான். தன் செயலுக்கு நியாயம் கற்பிப்பதில்லை. நடந்ததைத் தொடக்கத்திலிருந்து கூறுவதோடு சரி. எனக்குத் தோன்றுவது இது: இந்த நூலில் சிலிந்துவுக்காக மிகக் குறைவாக வாதாடுபவன் சிலிந்துவே. அதனாலேயே அவன்மீது நமக்கு மதிப்புப் பிறக்கிறது.

இதன்பின் நீதவானுக்கும் றட்டே மகாத்மயாவுக்கும் இடையே நிகழும் உரையாடல் நம் கேள்விக்கு மிக அணுக்கமானது. காட்டில் வாழும் இவர்கள் விலங்குகளைப் போன்றவர்கள், கொலை இவர்களுக்குப் பெரிதன்று என்பது றட்டே மகாத்மயாவின் கருத்து. நீதவான் அதனை ஏற்கவில்லை. தன்பாட்டில் இருக்க விரும்பிய ஒரு சாதுவான மனிதனைத் துரத்தித் துரத்தி இந்நிலைக்குக் கொண்டுவந்துவிட்டனர் என்று அவர் காண்கிறார். அவரிடம் பரிவு இருக்கிறது, விளக்கமும் இருக்கிறது. இருந்தும் விசாரணையை மேல்மன்றத்துக்கு அனுப்பும் கடமையிலிருந்து அவர் விலகுவதில்லை. கொலை கொலையாகவே பதிவாகிறது.

இந்த இரு பெரியவர்களில் ஒருவர் குற்றவாளியை விலங்கென்று தள்ளிவிட்டதனால் அவனைப் புரிந்துகொள்ளும் தொல்லையிலிருந்து தப்பிக்கொள்கிறார். விலங்கின்மேல் குற்றமும் சாராது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மற்றவர் அவனை மனிதனென்று கொள்கிறார். மனிதனென்று கொண்டதனாலேயே அவன் செய்ததற்கு அவனைப் பொறுப்பாளியாக்குகிறார். உண்மையில் விலக்கு அளிப்பது இகழ்ச்சியே, இரக்கம் அன்று. ஒருவனைப் பார்த்து, ‘நீ செய்ததற்கு நீ பொறுப்பல்ல, உன் வறுமையும் உன் காடும் உன் பகைவருமே பொறுப்பு’ என்று சொன்னால், அவனிடம் மனிதத்தன்மையில் மிஞ்சுவது என்ன?

தங்காலைச் சிறைக்குக் கொண்டுசெல்லும் வழியில் ஒரு வயோதிகப் பிச்சைக்காரர் சிலிந்துவைச் சந்திக்கிறார். உயிர்க்கொலையின் பாவத்தைப் பற்றியும் நற்கருமத்தைப் பற்றியும் அவர் பேசுகிறார். வாழ்நாளெல்லாம் மானையும் மரையையும் கொன்று பிழைத்த வேட்டைக்காரனுக்கு அப்பேச்சு புதிது. அவன் அதனைப் பற்றிக்கொள்கிறான். சட்டம் அவனிடம் கேட்டது இரண்டு உயிர்களின் கணக்கை மட்டுமே. கிழவரின் சொல் அவனுடைய வாழ்வு முழுவதையும் எண்ணச் செய்கிறது. ஆயினும் இங்கும் ஆசிரியர் அளவறிந்து நிற்கிறார். சிலிந்து ஞானியாகிவிடவில்லை. பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் அச்சொற்களைத் தனக்குள் சொல்லிக்கொண்டு நடக்கிறான். மனம் அமைதியடைகிறது. அது பாவமன்னிப்பா, களைத்தவனின் ஓய்வா என்று ஆசிரியர் சொல்லவில்லை. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் இருபது ஆண்டுச் சிறையாக மாற்றப்படுகிறது.

குறையொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பபேஹாமிக்குக் கிடைத்த நியாயம் பெர்னாண்டோவுக்குக் கிடைக்கவில்லை. பட்டணத்து உடையும் செருக்கும் பெண்ணாசையுமே அவன். உள்ளே ஒருவன் இருப்பதாக நமக்குத் தெரிவதில்லை. அவன் விழும்போது நமக்கு ஒன்றும் உறைப்பதில்லை. அந்த அளவுக்கு அந்த இரண்டாவது வெடியை நாவல் எளிதாக்கிவிடுகிறது. அம்மையாரின் ஐயத்துக்கு நூலில் இடமுண்டென்றால் அது இங்கேதான். டிங்கிஹாமியும் இரண்டொரு வரிகளுக்குமேல் பேசாமலே போய்விட்டாள். அவளை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பைப் படிப்பவர் தாமே ஏற்கவேண்டியிருக்கிறது.

நமக்கு இது முற்றிலும் புதிய வழியுமன்று. கோவலனை எண்ணிப் பாருங்கள். மாதவியின் மனையிற் கிடந்து குலப்பொருள் முழுவதையும் தொலைத்தவன். கண்ணகியைத் தனிமையில் வாடவிட்டவன். இளங்கோவடிகள் அதனை முன்னரே நமக்குக் காட்டிவிடுகிறார். பின்பு மதுரையில், சிலம்பை விற்கப் புறப்படுமுன் கண்ணகியிடம் அவன் தன் வாழ்க்கையை நினைந்து நொந்து பேசும்போது, அந்நொந்த பேச்சு அவனுக்கு விடுதலை வாங்கித்தரவில்லை. கண்ணகியின் மறுமொழியும் அவன் செய்தது தகாதது என்பதை மறைக்காமல்தான் வருகிறது. நாமோ அவனுக்காகக் கலங்குகிறோம். செய்யாத களவுக்காக வெட்டுண்டவன், செய்த பிழைகளிலிருந்து அதனால் நீங்கிவிடவில்லை.

பெத்தேகமவை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980 ஆம் ஆண்டில் திரைப்படமாக்கினார். ஜோ அபேவிக்கிரம சிலிந்துவாக நடித்தார். 1956 ஆம் ஆண்டில் திருகோணமலைக் கடலில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்ட எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அதில் நீதிபதியாகத் தோன்றுவார். படத்தைப் பார்த்தவர்கள் நூலையும் படித்துப் பார்க்கவேண்டும். முகத்தைக் காணும்போது இரக்கம் விரைந்து வந்துவிடுகிறது. எழுத்தில் அது தயங்கித் தயங்கியே வருகிறது.

கொலைகளால் யாருக்கு நன்மை விளைந்தது? இதனைக் கடைசி அத்தியாயங்கள் கூறுகின்றன. குற்றத்துக்குப் பரிசளிக்கும் கதை, சொல்லால் அல்லாவிடினும் முடிவால் அக்குற்றத்தை மெச்சிவிடும். சிலிந்து தன் மகளைக் காப்பதற்காகத்தான் துவக்கை எடுத்தான். ஆனால், அவன் சிறை சென்றபின் அவளுக்குத் துணையாக எஞ்சியவை முதுமையும் காய்ச்சலும் வாட்டும் அத்தையும், திரும்பிவருவான் என்று எண்ணிக்கொண்டிருக்கும் கணவனின் நினைவுமே. ஆறு மாதம் கழிகிறது. பாபுன் வரவில்லை. புஞ்சி மெனிக்கா நெடுவழி நடந்து சிறைவாயிலுக்குச் சென்று கேட்கிறாள். அவன் இறந்துவிட்டான் என்று அங்கே சொல்லுகிறார்கள்.

அவள் ஊருக்குத் திரும்புகிறாள். அத்தையும் இறந்துபோகிறாள். பஞ்சமும் நோயும் வந்து ஒவ்வொரு குடியாக ஊர் கலைகிறது. ஆராச்சியின் வீட்டாரும் இல்லை. கடன் தண்ட எவரும் வருவதில்லை. வேலி கட்ட ஆளில்லாமல் காடு முற்றத்துக்குள் வருகிறது; பின்னர் கூரைக்கு வருகிறது. கடைசியில் ஒரே ஒரு குடிசை. அதற்குள் அவள் ஒருத்தி. ஒரு நாள் இரவு, நோயோடு பட்டினியுங் கிடக்கும் அவளுடைய வாசலில் பெரிய காட்டுப்பன்றி ஒன்று வந்து நிற்கிறது. தந்தையின் மடியிலிருந்து கேட்ட கதைகளில் வந்த பேயென்றே அவள் அதனை எண்ணுகிறாள்.